மூணு தவணைச் சீலை: கடைக்குப் பணம் எப்போ வருது, எவ்வளவு வருது?

மென்பட்டுக்கடை | 9 ஜூலை 2025, காலை 10:20

சிறுமுகை மென்பட்டுச் சீலை ஆன்லைன்ல விக்கிறோம். ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடி "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" பட்டனைச் சேர்த்துக்கச் சொல்லி பேமென்ட் கேட்வேல இருந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க. மூணு தவணை, வாங்கறவங்களுக்கு வட்டி கிடையாது, எங்ககிட்ட 3 சதவீதம் கமிஷன், அதுக்கு மேல ஜிஎஸ்டி.

என் கேள்வி ரெண்டுதான். ஒருத்தர் 12,000 ரூபாய்க்கு வாங்கினா எனக்கு நாலாயிரம் நாலாயிரமா மூணு மாசம் வருமா? மூணாவது தவணையை அவர் கட்டலைன்னா அந்த 4,000 என் தலையிலயா? தறிக்காரங்களுக்கு வாரக்கூலி கொடுக்கோணும், காத்துட்டிருக்க முடியாதுங்.

பவானி ஜமக்காளம் | 9 ஜூலை, காலை 11:05

வார வசூலுக்கு நோட்டுப் போட்டு வர்றவங்க இல்லீங்களா, அதே கதைதான். ஜனம் கட்டக் கட்டத்தான் உங்களுக்கு வரும். கட்டாம ஓடிப்போனா கடைக்காரன் பாடு. வேண்டாமுங்.

பீளமேடு கேட்வே | 9 ஜூலை, மதியம் 1:40

அண்ணா, அது இல்லீங். கடைக்கு ஒரே தடவைல முழுசும் வந்துரும், கமிஷன் போக. தவணைங்கறது வாங்கினவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் நடுவுல நடக்கற சமாச்சாரம். கடைக்கு அது ஒரே விற்பனை.

பட்டனை அமுக்கினதும் என்ன நடக்குதுன்னு வரிசையா சொல்றேன். மொபைல் நம்பர் போடுவாங்க, ஓடிபி வரும். அந்த நாலஞ்சு நொடிக்குள்ள பின்னாடி மூணு விஷயம் பாக்கறாங்க: இந்த ஆளு பழைய பாக்கி வச்சிருக்காரா, கிரெடிட் ரிப்போர்ட் எப்படி, இந்தக் கடைல இந்தத் தொகைக்கு விடலாமா. சரின்னா தவணைத் தேதியெல்லாம் திரையில வரும், கூடவே கடன் விவரத் தாளும் வரும். அதுல கடன் கொடுக்கற கம்பெனி பேரு, மொத்தச் செலவு, தாமதமானா எவ்வளவுன்னு எல்லாம் இருக்கோணும். ஒத்துக்கிட்டா முதல் 4,000 அப்பவே யுபிஐல போயிரும். மிச்ச ரெண்டு தவணைக்கு யுபிஐ ஆட்டோபே அல்லது வங்கிக் கணக்குல தானா எடுத்துக்கற அனுமதி வாங்கிக்குவாங்க.

இதுல மூணு பேரு இருக்காங்கங்கறதைப் புரிஞ்சுக்கோங்க. திரையில பேரு தெரியற ஆப் கம்பெனி ஒன்னு. நிஜமா கடன் கொடுக்கறது அதுக்குப் பின்னாடி இருக்கற வங்கி இல்லாத நிதிக் கம்பெனி, அதான் என்பிஎஃப்சி, இல்லைன்னா ஒரு வங்கி. உங்களுக்குப் பணத்தைச் சேர்த்து அனுப்பறது கேட்வே. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்ல கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் பணம் ஆப் கம்பெனியோட கணக்கு வழியா போகக் கூடாது. ஒன்னு கடன் வாங்கினவர் கணக்குக்குப் போகோணும், இல்லைன்னா பொருள் வாங்கத்தான் கடன்னா நேரா விக்கறவர் பக்கம் போகோணும். தவணை கட்டறதும் அதே மாதிரி நேரா கடன் கொடுத்தவர் கணக்குக்கு.

அதனால உங்க 12,000 ரெண்டு வழில வருது. 4,000 வாங்கினவர் யுபிஐல கட்டினது. 8,000 கடன் கம்பெனி கொடுத்தது. ரெண்டும் கேட்வேல சேர்ந்து, கமிஷன் கழிஞ்சு, ஒரே தொகையா உங்க கணக்குல விழும். சில கம்பெனில முழு 12,000-த்தையும் கடனா எழுதிட்டு, முதல் 4,000-த்தை அப்பவே கட்டின தவணையா வரவு வெப்பாங்க. கடைக்கு ரெண்டும் ஒன்னுதான்.

பீளமேடு கேட்வே | 9 ஜூலை, மதியம் 1:52

ரெண்டாவது கேள்விய விட்டுட்டேன். கட்டாம விட்டா நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு. ஆப் கம்பெனி "இவ்வளவு வரை நான் பொறுப்பு"ன்னு கடன் கம்பெனிக்கு உத்தரவாதம் தரலாம். 2023 ஜூன்ல அதுக்கும் கடன் தொகுப்புல 5 சதவீதம்னு உச்சவரம்பு வெச்சாங்க. கடைக்காரர் இந்தக் கணக்குலயே இல்லை, அவர் ஒழுங்கா பொருளை அனுப்பியிருந்தா.

மென்பட்டுக்கடை | 9 ஜூலை, மாலை 6:15

"ஒழுங்கா அனுப்பியிருந்தா"ன்னு கடைசில ஒன்னு சேர்த்துட்டீங்களே. அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்க. அப்புறம் 12,000-க்குக் கைக்கு எவ்வளவு வரும்?

ஈரோட்டுக் கணக்கு | 9 ஜூலை, இரவு 9:30

கைக்கு வர்றதை நான் சொல்றேன்.

12,000-க்கு 3 சதவீதம் 360. அந்த 360-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 64.80. ரெண்டும் சேர்த்து 424.80. கைக்கு 11,575.20.

இதுல ரெண்டு இடத்துல கடைக்காரங்க ஏமாந்து போறாங்க. கமிஷன் பில்லோட மொத்தத் தொகை மேல போடறாங்க, வரிக்கு முந்தின விலை மேல இல்லை. சீலைக்கு 5 சதவீத வரி, 12,000-க்குள்ள 571.43 அரசாங்கத்துக் காசு. கூரியர் கட்டணம் பில்லுல இருந்தா அதுவும் உள்ள. இந்த ரெண்டுக்கும் சேர்த்துத்தான் நீங்க 3 சதவீதம் கொடுக்கறீங்க.

ரெண்டாவது, கணக்குல 11,575.20 வந்துச்சுன்னு அதையே விற்பனையா எழுதிடறாங்க. கூடாதுங். விற்பனை 12,000, பில்லும் 12,000-க்கு. 571.43 வரி முழுசும் அந்த மாசத்து ரிட்டர்ன்ல கட்டியாகணும், வாங்கினவர் தவணைல கட்டறாரேன்னு உங்க வரியைத் தவணையாக்க முடியாது. 360 உங்க செலவு. 64.80 உள்ளீட்டு வரி வரவா எடுத்து நீங்க கட்டற வரியில கழிச்சுக்கலாம், ஆனா கேட்வே உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கொடுத்திருக்கோணும். நம்பரைப் பதியாம விட்டுட்டு வருசக் கடைசில வந்து கேக்கறவங்க நிறைய. மொத்த விற்பனை மேல ஒரு சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டற காம்போசிஷன் திட்டத்துல இருக்கறவங்களுக்கு அந்த 64.80-ம் போனது போனதுதான்.

கிரைண்டர் கடை கோவை | 9 ஜூலை, இரவு 10:10

எங்க கடைல இது ஏற்கெனவே இருக்கு. வெட் கிரைண்டருக்கு நோ காஸ்ட் இஎம்ஐ. இதுவும் அதுவும் ஒன்னுதானே? அங்க வட்டியை நாங்க தர்றோம்னு ஒரு கழிவு போகுது.

ஈரோட்டுக் கணக்கு | 10 ஜூலை, காலை 7:45

குடும்பம் ஒன்னு, ஆளு வேற. நோ காஸ்ட் இஎம்ஐல கடன் கொடுக்கறவர் வட்டி போடத்தான் செய்யறார். அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலைல முன்னாடியே தள்ளுபடி கொடுத்துருது.

அதே 12,000, மூணு மாசம், வருச வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்குங்க. வாங்கறவர் மாசம் 4,000 வீதம் 12,000-தான் கட்டோணும்னா, கடன் தொகை 11,706.13-ஆ இருக்கோணும். அதனால தள்ளுபடி 293.87. முதல் மாச வட்டி 146.33, ரெண்டாவது 98.16, மூணாவது 49.38. கூட்டிப் பாருங்க, அதே 293.87 வரும். தள்ளுபடி கடைக்காரர் கையில இருந்து போய், வட்டியா வங்கிக்குப் போய்ச் சேருது.

கிரெடிட் கார்டுல இதைப் போட்டா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 52.90 ரூபாய். பிராசசிங் கட்டணம்னு தனியா ஒன்னும் இருக்கும். இதெல்லாம் வாங்கறவர் கார்டு பில்லுல வரும். "நோ காஸ்ட்னு சொன்னீங்களே"ன்னு கடைக்கு வந்து சண்டை போடறது இந்த 52 ரூபாய்க்குத்தான். என்பிஎஃப்சி கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால அங்க இந்தச் சத்தம் கம்மி.

மென்பட்டுக்காரர் கேக்கற மூணு தவணைல வட்டின்னு ஒரு வரியே இருக்காது. எல்லாம் அந்த 3 சதவீதத்துக்குள்ள.

திருப்பூர் பனியன் | 10 ஜூலை, காலை 9:00

3 சதவீதம்னா வருசத்துக்கு 3 சதவீத வட்டிதானே? அவ்வளவு மலிவா எவன் கடன் கொடுப்பான், நம்பற மாதிரியே இல்லையே.

ஈரோட்டுக் கணக்கு | 10 ஜூலை, காலை 9:25

வருசத்துக்கில்லைங்க, ரெண்டே மாசத்துக்கு. அதுவும் முழு 12,000-க்கு இல்லை.

ஜிஎஸ்டிய ஒதுக்கிட்டுப் பாருங்க. கடைக்கு 11,640 கொடுக்கறாங்க. அதுல 4,000 வாங்கினவர் அன்னைக்கே கட்டினது. அப்ப அவங்க கைக்காசு 7,640. அது 30-ஆம் நாள் 4,000, 60-ஆம் நாள் 4,000-ன்னு திரும்பி வருது. மாசத்துக்கு 3.1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல நிக்குது, வருசத்துக்கு 37 சதவீதம் பக்கம். இதுல இருந்துதான் வராக்கடன், அவங்க வாங்கின பணத்துக்கு வட்டி, கேட்வே பங்கு எல்லாம் போகோணும். அதனால எல்லாம் லாபம்னு சொல்ல வரலை. ஆனா "வட்டியில்லாக் கடன்"ல வட்டியைக் கட்டறது யாருன்னு தெரிஞ்சுக்குங்க. கடைதான்.

பவானி ஜமக்காளம் | 10 ஜூலை, காலை 9:31

நான் சொன்னது பாதி சரிதானுங்களே. கடைக்காரன் பாடுன்னு சொன்னேன்ல. 😀

பீளமேடு கேட்வே | 10 ஜூலை, மதியம் 12:20

பாதிக்கு மார்க் போட்டுக்குங்க அண்ணா.

எப்ப வரும்ங்கறதைப் பாக்கலாம். ஒப்பந்தத்துல "டி பிளஸ் 2"ன்னு இருக்கும், விற்பனை நாளுக்கு அப்புறம் ரெண்டு வேலை நாள். நாளைக்கு வெள்ளி, 11-ஆம் தேதி. நாளைக்கு ராத்திரி ஒருத்தர் வாங்கினா, 12 ரெண்டாவது சனி, 13 ஞாயிறு, ரெண்டும் கணக்குல வராது. திங்கள் ஒன்னு, செவ்வாய் ரெண்டு. 15-ஆம் தேதிதான் காசு. ஆடித் தள்ளுபடில சனி ஞாயிறு விற்பனைதான் கனமா இருக்கும், கூலி கொடுக்கற நாளை அதுக்குத் தக்கன யோசிச்சுக்குங்க.

சில பேரு ஒப்பந்தத்துல இன்னொரு வரி இருக்கும்: பொருள் போய்ச் சேர்ந்த அடுத்த நாள்ல இருந்துதான் கணக்குன்னு. புதுக் கடைக்கு இப்படிப் போடறது உண்டு. கொஞ்சத் தொகையைப் பிடிச்சு வெக்கறதும் உண்டு. விற்பனைக்காரர் வாயால சொல்றது "டி பிளஸ் 2", காகிதத்துல இருக்கறது வேற. காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சுருங்க.

அப்புறம், ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியா வராது. அன்னைக்கு உங்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் கூட்டி, திரும்ப வந்த பொருளையெல்லாம் கழிச்சு, ஒரே யுடிஆர் நம்பர்ல, அதான் வங்கி பணம் அனுப்பினதுக்குப் போடற அடையாள நம்பர்ல, ஒரு தொகை. வங்கி ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்தா எது எந்தச் சீலைன்னு தெரியவே தெரியாது. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கி அதுல பாக்கோணும்.

மென்பட்டுக்கடை | 10 ஜூலை, மாலை 5:50

அந்த "ஒழுங்கா அனுப்பியிருந்தா" இன்னும் பாக்கி.

பீளமேடு கேட்வே | 10 ஜூலை, இரவு 8:35

வர்றேங்.

கடை மாட்டறது மூணு இடத்துல. பொருளே வரலைன்னு வாங்கினவர் புகார் கொடுத்தா கடன் கம்பெனி அந்தத் தொகையை நிறுத்தி வெக்கும், இல்லைன்னா அடுத்த செட்டில்மென்ட்ல பிடிச்சுக்கும். உங்ககிட்ட ஆதாரம் கேட்டு மெயில் வரும், பில், கூரியர் நம்பர், கொடுத்ததுக்கான கையெழுத்து அல்லது ஓடிபி பதிவு. பதில் கொடுக்க நாள் கணக்கு ரொம்பக் குறைவு. அந்த மெயில் யாரும் திறக்காத ஐடிக்குப் போறதால தோத்தவங்கதான் அதிகம். சண்டையில தோத்தவங்க கம்மி.

ரெண்டாவது, தப்பான பொருள், கிழிஞ்ச பொருள். அதுவும் இதே பாதைதான்.

மூணாவது கடைக்காரரே செஞ்சுக்கறது. அதுதான் பெருசு. அதை நாளைக்கு எழுதறேன்.

திருப்பூர் பனியன் | 10 ஜூலை, இரவு 9:05

அதுக்குள்ள நான் ஒன்னு சொல்லிடறேன். இந்தக் கடனுக்கு "யோசிச்சுப் பாக்கற காலம்"னு ஒன்னு உண்டு, ரிசர்வ் வங்கி விதி. அதுக்குள்ள வாங்கினவர் வேண்டாம்னா கடை பொருளைத் திருப்பி எடுத்தே ஆகணும். சட்டம்.

ஈரோட்டுக் கணக்கு | 10 ஜூலை, இரவு 9:40

விதி இருக்கு, அர்த்தம் அது இல்லை. அந்தக் காலம் கடனுக்கு, சீலைக்கு இல்லை. குறைஞ்சது ஒரு நாள் கொடுக்கோணும்னு இந்த மே மாசம் வந்த வழிகாட்டுதல்ல இருக்கு. அதுக்குள்ள கடன் வேண்டாம்னா, அசலையும் அந்தச் சில நாளுக்கான செலவையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வரலாம். மிச்ச 8,000-த்தை அன்னைக்கே கட்டிடறார்னு அர்த்தம். சீலை அவர்கிட்டயே இருக்கும், உங்க காசும் உங்ககிட்டயே இருக்கும். சீலையைத் திருப்பறது உங்க கடையோட ரிட்டர்ன் விதிப்படி.

திருப்பூர் பனியன் | 10 ஜூலை, இரவு 9:44

அப்புடிங்களா. எங்க ஏஜென்ட் வேற மாதிரி சொன்னான்.

பீளமேடு கேட்வே | 11 ஜூலை, காலை 11:15

நேத்துச் சொன்ன மூணாவது விஷயம். திரும்ப வந்த சீலைக்குக் காசை எந்த வழில கொடுக்கறதுங்கறது.

12,000 பில்லுல ரெண்டு சீலை, ஒன்னு 7,500, இன்னொன்னு 4,500. பன்னெண்டாம் நாள் 4,500 சீலை திரும்ப வருது. வாங்கினவர் இதுவரை கட்டினது 4,000 மட்டும்.

சரியான வழி: டாஷ்போர்டுல அந்த ஆர்டரைத் திறந்து, அதுலயே 4,500 ரீஃபண்ட் போடறது. கடன் கம்பெனிக்குத் தகவல் போகும், 8,000 பாக்கி 3,500 ஆகும். சில கம்பெனி கடைசித் தவணைல இருந்து கழிப்பாங்க: மூணாவது தவணை காணாமப் போயி, ரெண்டாவது 3,500 ஆகும். சில பேரு ரெண்டு தவணையும் 1,750-ன்னு பிரிப்பாங்க. வாங்கினவருக்குக் கையில காசு எதுவும் வராது, ஏன்னா அவர் வெச்சுக்கிட்ட சீலையே 7,500, கட்டினது 4,000-தான். இதை முன்கூட்டிச் சொல்லலைன்னா "ரீஃபண்ட் வரலை, வரலை"ன்னு போன் மேல போன் வரும். கட்டினதை விட வெச்சுக்கிட்டது கம்மியா இருந்தாத்தான் காசு திரும்பும்.

இதே உங்க பக்கம் ரிப்போர்ட்ல இப்படித் தெரியும்:

```
order_id, type,    amount,   fee,    tax,   net
1187,     payment, 12000.00, 360.00, 64.80, 11575.20
1187,     refund,  -4500.00, 0.00,   0.00,  -4500.00
```

ரெண்டாவது வரில fee சைபர்னு இருக்கு பாருங்க. வாங்கின கமிஷனைத் திருப்பித் தரலைன்னு அர்த்தம். 7,500 விற்பனைக்கு 424.80 போயிருச்சு. 5.66 சதவீதம்.

தப்பான வழிதான் ஊர் முழுக்க நடக்குது. தெரிஞ்ச முகம், கடைக்கே நேரா வந்து சீலையைக் கொடுக்கறாங்க. கல்லால இருந்து 4,500 ரொக்கம் எடுத்துக் கொடுத்துடறோம், இல்லைன்னா ஜிபேல அனுப்பிடறோம். ரெண்டு பேருக்கும் திருப்தி. ஆனா கடன் கம்பெனிக்கு ஒன்னுமே தெரியாது. அங்க 8,000 பாக்கி அப்படியே உசுரோட இருக்கு. 30-ஆம் நாள் 4,000 தானா எடுக்கறாங்க. அவங்க "சீலையைத்தான் திருப்பிட்டோமே"ன்னு கணக்குல காசு வெக்கலைன்னா, தவணை திரும்பிரும். வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கம்பெனி தாமதக் கட்டணம் போடும், கிரெடிட் ரிப்போர்ட்லயும் பாக்கின்னு ஏறும். இப்பெல்லாம் கடன் கம்பெனிங்க குறைஞ்சது பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தகவல் அனுப்பியாகணும், அதனால சீக்கிரமே ஏறிரும்.

அடுத்து என்ன ஆகும்னா, வாங்கினவர் புகார் போடுவார், கடன் கம்பெனி உங்ககிட்டக் கேக்கும், நீங்க ரொக்கமா கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்காது. கடைசில டாஷ்போர்டுல இன்னொரு 4,500 ரீஃபண்ட் போட வேண்டி வரும். ஒரே சீலைக்கு ரெண்டு தடவை.

கிரைண்டர் கடை கோவை | 11 ஜூலை, மதியம் 12:30

இது எங்க கடைல நடந்துச்சு. கிரைண்டர் திரும்ப வந்துச்சு, பையன் ரொக்கம் கொடுத்துட்டான். அவங்க ரிப்போர்ட்ல வேற ஏதோ கம்பெனி பேருல கடன் இருக்குன்னு வந்து நின்னாங்க. பட்டன்ல இருந்த பேரே அதுல இல்லை. யாரோ மோசடி பண்ணிட்டாங்கன்னு நெனச்சு போலீசுக்கே போகப் பாத்தாங்க.

ஈரோட்டுக் கணக்கு | 11 ஜூலை, மதியம் 1:10

அது மோசடி இல்லை. ரிப்போர்ட்ல கடன் கொடுத்த என்பிஎஃப்சி பேருதான் வரும், ஆப் பேரு வராது. கடன் விவரத் தாள்ல பாத்தா அந்தப் பேரு இருக்கும். ஒவ்வொரு பில்லும் தனித்தனிச் சின்னக் கடனா வரிசையா ஏறறதும் உண்டு.

ரீஃபண்ட் போட்ட கையோட பழைய பில்லுல அந்த 4,500-ஐக் குறைச்சுக் காட்டற கிரெடிட் நோட்டும் போட்டுருங்க, 4,285.71 விலை, 214.29 வரி. போடாம விட்டா திரும்ப வந்த சீலைக்கும் நீங்கதான் வரி கட்டிட்டிருப்பீங்க.

மென்பட்டுக்கடை | 11 ஜூலை, மாலை 6:40

கமிஷனைத் திருப்பித் தர மாட்டாங்கன்னு எங்ககிட்டப் பேசினவர் சொல்லவே இல்லையே. இன்னைக்குக் கேட்டேன், "பாத்துச் சொல்றேன் சார்"னு வெச்சுட்டார். எல்லாருமே இப்படித்தானா?

பீளமேடு கேட்வே | 11 ஜூலை, இரவு 9:00

இல்லீங். முழுப் பில்லும் திரும்பினா கமிஷனைத் திருப்பி, பாதி திரும்பினா வெச்சுக்கறவங்க இருக்காங்க. அளவுக்குத் தக்கன திருப்பறவங்களும் இருக்காங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டா மாத்தித் தருவாங்க, போட்ட பின்னாடி வாய்ப்புக் கம்மி. பட்டுச் சீலைல கலர் நேர்ல வேற மாதிரி இருக்குன்னே நிறையத் திரும்பும், அதனால கமிஷன் 3-ஆ 2.75-ஆன்னு பேரம் பேசறதை விட இந்த ஒரு வரிக்குப் பேரம் பேசறதுதான் உங்களுக்கு லாபம்.

பவானி ஜமக்காளம் | 12 ஜூலை, காலை 8:20

அந்த 3 சதவீதத்தை வாங்கறவங்க மேலயே போட்டா என்னங்க? யுபிஐல கட்டினா ஒரு விலை, தவணைன்னா எச்சா ஒரு விலை. யுபிஐல கடைக்குச் செலவே இல்லையே.

ஈரோட்டுக் கணக்கு | 12 ஜூலை, காலை 10:00

2020 ஜனவரில இருந்து வங்கிக் கணக்குல இருந்து வர்ற யுபிஐக்குக் கமிஷன் சைபர், சரிதான். ஆனா தவணை ஒப்பந்தத்துல பெரும்பாலும் "வேற விலை வெக்கக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். வட்டியில்லைன்னு விளம்பரம் பண்ணிட்டுக் கடை எச்சா போட்டா அது வட்டிதானேன்னு அவங்க வாதம்.

எல்லாருக்கும் ஒரே விலை வெச்சு, யுபிஐல கட்டறவங்களுக்குத் தள்ளுபடின்னு போடறவங்க இருக்காங்க. அது ஒப்பந்தத்தை மீறறதா இல்லையான்னு ஆளுக்கொரு பேச்சுப் பேசறாங்க.

பீளமேடு கேட்வே | 12 ஜூலை, காலை 10:20

மீறறதுதான்னு நான் சொல்வேன். கண்டுபிடிச்சுக் கணக்கை நிறுத்தினது உண்டு.

ஈரோட்டுக் கணக்கு | 12 ஜூலை, காலை 10:26

தள்ளுபடி வேற, கூடுதல் கட்டணம் வேற. ஒத்துக்க மாட்டேன்.

மென்பட்டுக்கடை | 14 ஜூலை, காலை 9:10

பேசிட்டோம். பாதித் திருப்பலுக்கும் கமிஷன் அளவா திரும்பும்னு எழுத்துல கொடுத்துட்டாங்க. நேத்து பட்டனைப் போட்டாச்சு. ஆனா முதல் ஆர்டரே வெனையா இருக்குங். வாங்கினவர் 4,000 யுபிஐல போயிருச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறார். எங்க கடை சாஃப்ட்வேர்ல ஆர்டர் "pending"-லயே நிக்குது. திரும்ப வாங்கச் சொல்லட்டுமா?

பீளமேடு கேட்வே | 14 ஜூலை, காலை 9:22

சொல்லாதீங்க! ரெண்டாவது கடன் விழுந்துரும். சீலையையும் இப்ப அனுப்பாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் ஆதாரமே இல்லை.

கேட்வே டாஷ்போர்டுல அந்த ஆர்டர் நம்பரைத் தேடுங்க. "captured"-ன்னு இருந்தா விற்பனை முடிஞ்சுது. வாங்கினவர் யுபிஐ ஆப்ல கட்டிட்டு உங்க பக்கத்துக்குத் திரும்பாமலே மூடியிருப்பார், அதனால கடை சாஃப்ட்வேருக்குச் செய்தி வரலை. கேட்வே தனியா அனுப்பற தகவலை வாங்கிக்கற முகவரி, அதான் வெப்ஹூக், உங்க சாஃப்ட்வேர்ல போட்டிருக்கான்னு பாருங்க.

"authorized"-ன்னு இருந்தா கடன் ஒப்புதல் ஆயிருக்கு, நீங்க இன்னும் எடுத்துக்கலை. அதை நீங்க captured ஆக்கோணும். குறிச்ச நாளுக்குள்ள ஆக்கலைன்னா தானா ரத்தாகி, 4,000 அவருக்கே திரும்பிரும், கடனும் போயிரும். தானா எடுத்துக்கற அமைப்பை ஆன் பண்ணி வெச்சா இந்தத் தொல்லை இல்லை.

"failed"-ன்னு இருந்தா முதல் தவணை மட்டும் போயி, கடன் விழலை. அந்த 4,000 தானா திரும்பும். அதுக்கப்புறம்தான் அவர் மறுபடி வாங்கலாம்.

மென்பட்டுக்கடை | 14 ஜூலை, காலை 9:48

authorized. எடுத்துட்டேன், captured ஆயிருச்சு. வெப்ஹூக் முகவரி காலியா இருக்குது, பையன்கிட்டச் சொல்லியிருக்கேன்.

கிரைண்டர் கடை கோவை | 14 ஜூலை, காலை 11:30

அண்ணா, ஒரே பில்லுல ரெண்டு பொருள், ஒன்னு இருப்பு இல்லை, பத்து நாள் கழிச்சுத்தான் அனுப்ப முடியும்னா? தவணை ரெண்டுக்கும் சேர்த்து ஓடுமா?

பீளமேடு கேட்வே | 14 ஜூலை, மதியம் 2:05

ஓடும். கடன் பில்லு மேல, பெட்டி மேல இல்லை. முப்பதாம் நாள் தவணை போகும்போது ரெண்டாவது பொருள் அவர் கைல இல்லைன்னா புகார் நிச்சயம். இருப்பு இல்லாததுக்கு உண்டான தொகையை அன்னைக்கே ரீஃபண்ட் போட்டுட்டு, வந்ததும் புது பில்லா போடச் சொல்லுங்க. அதுல கமிஷன் நஷ்டம் வருதான்னு உங்க ஒப்பந்தத்தைப் பாருங்க, மென்பட்டுக்காரருக்குக் கிடைச்ச வரி உங்களுதுல இருக்கான்னு தெரியலை.

கிரைண்டர் கடை கோவை | 14 ஜூலை, மதியம் 2:11

எங்க ஒப்பந்தம் எங்க இருக்குன்னே தேடோணும்.